37.7 என்று திரை சொன்னால்

நாட்டுக்கோழி முட்டைகளை வீட்டிலேயே பொரிக்க வைக்கும் ஒரு சிறு பெட்டியை எடுத்துக்கொள்வோம். தெர்மாகோல் சுவர், உள்ளே ஒரு குண்டு பல்பு, பழைய கணினியிலிருந்து கழற்றிய மின்விசிறி, பல்பை ஏற்றி அணைக்க ஒரு ரிலே. இவற்றை ஆள்வது ஓர் ஆர்டுயினோ ஊனோ பலகை. விசிறி சுழலும் பெட்டிக்குள் முட்டைக்கு வேண்டிய வெப்பம் 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ். இருபத்தொரு நாளும் அது அங்கேயே நிற்க வேண்டும். ஒன்றிரண்டு டிகிரி குறைந்தபடியே ஓடினால் பொரிப்பு தள்ளிப்போகும், குஞ்சுகள் வலுவின்றி வரும். அதே அளவு கூடினால் கரு முட்டைக்குள்ளேயே சாகும்.

இந்தப் பெட்டியில் பலரும் பொருத்துவது மூன்று கால் கொண்ட எல்எம்35 என்ற வெப்ப உணரி. மூன்று கம்பி, ஒரு வரிச் சூத்திரம், உடனே திரையில் டிகிரி வந்துவிடும். அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம், பிழை எந்த இடத்தில் நுழைகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பெட்டிகளில் பொய் சொல்வது உணரி அல்ல. சூத்திரத்தில் யாரும் சோதித்துப் பார்க்காமல் எழுதிவிடும் ‘5’ என்ற எண்தான்.

முதலில் இணைப்பு. எல்எம்35-இன் தட்டையான, எழுத்து அச்சிட்ட முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடது கால் மின்வழங்கலுக்கு, நடுக்கால் வெளியீடு, வலது கால் கிரவுண்ட். இடதை 5 வோல்ட்டுக்கும், நடுவை `A0` முனைக்கும், வலதைக் கிரவுண்டுக்கும் கொடுக்க வேண்டும். இடமும் வலமும் மாறினால் உணரி சில நொடிகளில் விரல் வைக்க முடியாதபடி சுடும். அப்போது உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். அந்த உணரி பிறகு வேலை செய்வதுபோலத் தெரிந்தாலும் முட்டைப் பெட்டிக்கு அதை நம்பக் கூடாது.

இதன் வெளியீடு எளிமையானது. பூஜ்ஜிய டிகிரிக்குப் பூஜ்ஜியம் வோல்ட், அதன்மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 10 மில்லிவோல்ட். 37.7 டிகிரியில் நடுக்காலில் 377 மில்லிவோல்ட் நிற்கும். மல்டிமீட்டரை மில்லிவோல்ட் அளவில் வைத்துப் பத்தால் வகுத்தாலே டிகிரி கிடைக்கும், பலகையே வேண்டாம். இந்தச் சோதனையை முதலில் செய்து விடுவது நல்லது. பின்னால் ஏதாவது தவறினால், குற்றம் உணரியிலா பலகையிலா என்பதை இதை வைத்தே பிரித்துவிடலாம்.

பலகை செய்வது வேறு வேலை. ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சிப் வோல்ட்டை நேராக அளப்பதில்லை. வந்த அழுத்தம் தன்னிடமுள்ள ஓர் ஒப்பு அழுத்தத்தில் எத்தனை பங்கு என்றுதான் பார்க்கிறது. அந்த ஒப்பு அழுத்தத்தை 1024 படிகளாகப் பிரித்து, எத்தனையாவது படி என்ற எண்ணை `analogRead` தருகிறது. எனவே சூத்திரம் இரண்டு கட்டமாக அமைகிறது.

```
mV = raw * Vref_mV / 1024
T  = mV / 10
```

1024-ஆல் வகுப்பதா 1023-ஆல் வகுப்பதா என்று நீண்ட வாதம் உண்டு. சிப்பைச் செய்தவர்களின் தரவுத்தாளில் இருப்பது 1024. தவறினாலும் 37.7 டிகிரியில் வரும் வேறுபாடு 0.04 டிகிரிக்குள் அடங்கும். அதற்குச் செலவிடும் கவனத்தை `Vref_mV`-க்குக் கொடுக்க வேண்டும்.

வேறு ஏதும் சொல்லாவிட்டால் ஊனோ தன் மின்வழங்கலையே ஒப்பு அழுத்தமாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் எல்லா நிரல்களிலும் 5.0 அல்லது 5000 என்று எழுதியிருக்கும். ஆனால் யுஎஸ்பி கம்பி வழியாகப் பலகைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் சரியாக 5 வோல்ட்டாக இருப்பதில்லை. கம்பி மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்து, ரிலேயும் விசிறியும் அதிலேயே மின்னோட்டம் இழுத்தால், 4.7 வோல்ட் என்பது வியப்பில்லை. பலகையின் 5 வோல்ட் முனையில் மல்டிமீட்டரை வைத்தால் நீங்களே பார்க்கலாம்.

4.70 வோல்ட் என்றே வைத்துக் கணக்குப் போடுவோம். ஒரு படி 4.59 மில்லிவோல்ட். பெட்டி உண்மையில் 37.7 டிகிரியில் இருக்கும்போது 377 மில்லிவோல்ட் 82-ஆவது படியில் விழும். நிரலோ ஒரு படியை 4.88 மில்லிவோல்ட் என்று நம்புகிறது. 82-ஐ அதனால் பெருக்கினால் 400 மில்லிவோல்ட், அதாவது திரையில் 40.0 டிகிரி. இப்போது கட்டுப்பாடு தலைகீழாக வேலை செய்யும். திரையில் 37.6 வரும்வரை பல்பை அணைத்தே வைத்திருக்கும். திரையில் 37.6 என்றால் 77-ஆவது படி, அப்போது உணரி தருவது 353 மில்லிவோல்ட். பெட்டியின் உண்மை வெப்பம் 35.3 டிகிரி. திரை மூன்று வாரமும் அசையாமல் 37.6 காட்டும், முட்டைகள் இரண்டு டிகிரிக்கு மேலான குளிரில் கிடக்கும். உணரியில் எந்தக் குறையும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பெட்டி நிதானமான பிறகு யுஎஸ்பியைக் கழற்றிவிட்டு, பலகையின் வட்டத் துளையில் 9 வோல்ட் அடாப்டரைச் செருகுங்கள். அந்த வழியில் வரும் மின்சாரம் பலகையிலுள்ள ரெகுலேட்டரைக் கடந்து 5 வோல்ட்டுக்கு மிக அருகில் நிற்கும். திரையில் டிகிரி சட்டென்று மாறினால், பெட்டியின் வெப்பம் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது என்று பொருள்.

இங்கே உணரித் தேர்வையும் பார்க்க வேண்டும், ஏனெனில் இதே பிழை எல்லா உணரியையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. எல்எம்35-ஐப் போலவே தோற்றமும் கால் வரிசையும் கொண்டது டிஎம்பி36. அதுவும் டிகிரிக்கு 10 மில்லிவோல்ட்தான் தரும். ஆனால் பூஜ்ஜிய டிகிரியில் 500 மில்லிவோல்ட்டில் தொடங்கும். மைனஸ் டிகிரியையும் ஒற்றை மின்வழங்கலிலேயே அளப்பதற்காக வைத்த கூடுதல் அது. சூத்திரத்தில் அதைக் கழித்துவிட வேண்டும்.

```
T = (mV - 500) / 10
```

மூன்றாவது எல்எம்335. இது கெல்வினில் பேசும், ஒவ்வொரு கெல்வினுக்கும் 10 மில்லிவோல்ட். 37.7 டிகிரி செல்சியஸ் என்பது 310.85 கெல்வின், ஆக வெளியீடு 3108 மில்லிவோல்ட்டுக்குச் சற்று மேல். அதிலிருந்து 2731.5-ஐக் கழித்தால்தான் நம் டிகிரி.

மூன்றுக்கும் அதே 4.70 வோல்ட் பலகை, அதே ‘5’ என்ற தவறான நம்பிக்கை, பெட்டியின் உண்மை வெப்பம் அதே 37.7. எல்எம்35 காட்டுவது 40.0 என்று பார்த்தோம். டிஎம்பி36-இன் 877 மில்லிவோல்ட் 191-ஆவது படியில் விழுந்து திரையில் 43.3 ஆகும். எல்எம்335-இன் அழுத்தம் 677-ஆவது படியில் விழுந்து 57.4 என்று வரும். மூன்றிலும் ஒப்பு அழுத்தத்தின் பிழை ஆறரை விழுக்காடுதான். ஆனால் அந்த விழுக்காடு டிகிரியின் மேல் விழுவதில்லை, உணரி அனுப்பும் மொத்த மில்லிவோல்ட்டின் மேல் விழுகிறது. கழித்துவிடும் 500-க்கும் 2731-க்கும் உரிய பிழை கழியாமல் மிஞ்சி நின்று டிகிரியோடு சேர்ந்துவிடுகிறது. உயரத்தில் தொடங்கும் உணரிக்கு அளவுகோலும் அதற்கேற்பத் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதை இந்த மூன்று எண்களும் சொல்கின்றன. டிஎம்பி36 வாங்கி, ஐந்து டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது என்று உணரியைத் தூக்கிப் போட்டவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் நல்ல உணரியைத்தான் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று உண்டு. அறையில் உண்மையாக 30 டிகிரி இருக்கும்போது திரை 80 காட்டினால், கையில் இருப்பது டிஎம்பி36, நிரலில் இருப்பது எல்எம்35-இன் சூத்திரம். மைனஸ் 20 காட்டினால் அதன் மறுதலை. சரியாக ஐம்பது டிகிரி வித்தியாசம் என்றால் உணரியின் முகத்திலுள்ள எழுத்தை வெளிச்சத்தில் வைத்துப் படிக்க வேண்டியதுதான்.

தெர்மிஸ்டர் இந்தச் சிக்கலில் சிக்காது. அதை ஒரு மின்தடையோடு தொடராக இணைத்து அதே 5 வோல்ட்டில் தொங்கவிடுகிறோம். மின்வழங்கல் குறைந்தால் நடுப்புள்ளியின் அழுத்தமும் அதே விகிதத்தில் குறையும், ஒப்பு அழுத்தமும் குறையும், படி எண் மாறாது. ஆனால் அதன் சூத்திரம் நேர்கோடு அல்ல, மடக்கை வேண்டும். எல்எம்35-இல் சூத்திரம் எளிது, அதற்கு ஈடாக வோல்ட்டைச் சரியாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தெரிந்து வைத்துக்கொள்ள ஏடிமெகா328பி-யிலேயே வழி இருக்கிறது. மின்வழங்கல் ஏறினாலும் இறங்கினாலும் அசையாத 1.1 வோல்ட் ஒப்பு அழுத்தம் ஒன்று சிப்புக்குள் உண்டு. `analogReference(INTERNAL)` என்று எழுதினால் பலகை அதற்கு மாறிவிடும். பலன் இரண்டு. மின்வழங்கலின் தொல்லை தீர்கிறது. படியும் 4.88 மில்லிவோல்ட்டிலிருந்து ஏறத்தாழ 1.07-க்குச் சுருங்குகிறது. முன்பு அரை டிகிரிக்கு ஒரு படி, 37.6-க்கு அடுத்து 38.1 என்றுதான் காட்ட முடியும், இடையே எதுவும் கிடையாது. இப்போது பத்தில் ஒரு டிகிரிக்கு ஒரு படி. எல்எம்35-க்கு 110 டிகிரி வரை இடம் இருக்கும், டிஎம்பி36-க்கு 60 வரை. முட்டைப் பெட்டிக்கு இரண்டுமே போதும். எல்எம்335-ஐ இதில் மாட்ட முடியாது, அதன் 3 வோல்ட் 1.1-ஐத் தாண்டிவிடும்.

ஆனால் 1.1 என்பதும் பெயரளவு எண்தான். சிப்புக்குச் சிப் அது 1.0-இலிருந்து 1.2 வரை இருக்கலாம் என்று தரவுத்தாளே சொல்கிறது. ஒன்பது விழுக்காடு வரை பிழை, 37.7-இல் மூன்றரை டிகிரி. ஆகவே `INTERNAL` என்று எழுதியதோடு நின்றவர் பழைய பிழையை விட்டுப் புதிய பிழையை எடுத்துக்கொண்டிருக்கலாம். இதன் அருமை துல்லியத்தில் இல்லை, நிலையாக நிற்பதில் இருக்கிறது. ஒருமுறை அளந்து எழுதிவிட்டால் அந்தப் பலகைக்கு அதுவே எண்.

அளப்பது எப்படி? நிரலை ஏற்றி ஓடவிட்டு, பலகையின் AREF முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை 2 வோல்ட் அளவில் வையுங்கள். நிரலில் ஒரு `analogRead` நடந்த பிறகுதான் அந்த முனையில் உள் ஒப்பு அழுத்தம் தெரியும், வெறும் `analogReference` வரி போதாது. அந்த முனையில் வேறு எந்த மின்சாரத்தையும் கொடுத்துவிடாதீர்கள், சிப் கெட்டுவிடும். மீட்டர் 1.082 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

```
const float VREF_MV = 1082.0;
void setup() {
  analogReference(INTERNAL);
  analogRead(A0);
  delay(100);
  Serial.begin(9600);
}
void loop() {
  long sum = 0;
  for (int i = 0; i < 32; i++) sum += analogRead(A0);
  float mV = (sum / 32.0) * VREF_MV / 1024.0;
  Serial.println(mV / 10.0, 1);
  delay(1000);
}
```

ஒப்பு அழுத்தம் மாறியவுடன் வரும் முதல் சில அளவீடுகள் தவறாக இருக்கும். அதனால்தான் தொடக்கத்தில் ஒன்றைப் படித்து வீசிவிட்டுக் காத்திருக்கிறோம். முப்பத்திரண்டு முறை படித்துச் சராசரி எடுப்பது எண் துள்ளுவதைக் குறைக்கும். ஒப்பு அழுத்தப் பிழையைச் சராசரி தொடவே தொடாது, ஆயிரம் முறை படித்தாலும் அதே பிழையின் சராசரிதான் கிடைக்கும்.

32.0, 1024.0 என்று புள்ளி வைத்து எழுதியிருப்பதும் காரணத்தோடுதான். ஊனோவில் `int` என்பது 32767 வரைதான் கொள்ளும். பழைய முறையில் `int mV = raw * 5000 / 1024;` என்று எழுதினால், `raw` 62 ஆகும்போது பெருக்கல் 310000. அது கொள்ளாமல் சுற்றி வந்து எதிரெண் ஆகிவிடும். முப்பது டிகிரி அறையில் திரை மைனஸ் 1.7 காட்டும். மாறாக `raw * (5 / 1024)` என்று எழுதினால் அடைப்புக்குள் முழுஎண் வகுத்தல் பூஜ்ஜியமாகி, என்ன சூடாக்கினாலும் திரை பூஜ்ஜியத்திலேயே நிற்கும். இரண்டு அறிகுறியும் கம்பியைச் சந்தேகப்பட வைக்கும், ஆனால் கோளாறு எழுத்தில். `raw` மதிப்பையே திரையில் அச்சிட்டுப் பார்த்தால் உடனே புரிந்துவிடும்.

இனி கம்பிகள். இங்கே ஒரு சிறு விஷயம் முழுப் பெட்டியையும் ஆட்டிவைக்கும். பல்பின் ரிலேயை ஏற்றும் சுருள் 70 மில்லிஆம்பியர் அளவில் மின்னோட்டம் இழுக்கும். ரிலேயின் கிரவுண்டும் உணரியின் கிரவுண்டும் பிரெட்போர்டின் ஒரே வரிசையில் சேர்ந்து, ஒரே ஜம்பர் கம்பியில் பலகைக்கு வந்தால், அந்தக் கம்பியிலும் தொடர்புகளிலும் பத்தில் ஓர் ஓம் தடை இருந்தாலே 7 மில்லிவோல்ட் உருவாகும். உணரி தன் கிரவுண்டை வைத்துத்தான் அழுத்தம் தருகிறது. அந்தக் கிரவுண்டே 7 மில்லிவோல்ட் உயர்ந்தால் பலகைக்கு அது 0.7 டிகிரி கூடுதலாகத் தெரியும். ரிலே ஏறியதும் திரையில் வெப்பம் சட்டென்று கூடும், கட்டுப்பாடு பல்பை அணைக்கும், உடனே வெப்பம் சட்டென்று குறையும், மறுபடி ஏறும். ரிலே டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். உண்மையான வெப்பம் ஒரு நொடியில் முக்கால் டிகிரி ஏறாது என்பதே அடையாளம். 5 வோல்ட்டை ஒப்பாக வைத்திருந்தால், ரிலே ஏறும்போது மின்வழங்கல் தாழ்வதும் திரை எண்ணை அதே திசையில் உயர்த்தும். 1.1-க்கு மாறிய பிறகும் துள்ளல் நீடித்தால் குற்றவாளி கிரவுண்டு கம்பிதான். உணரியின் கிரவுண்டை வேறு எதோடும் சேர்க்காமல் தனிக் கம்பியில் நேராகப் பலகைக்குக் கொண்டு வந்தால் தீர்ந்துவிடும்.

உணரியைப் பெட்டிக்குள் வைத்துப் பலகையை வெளியே வைக்க ஒரு மீட்டர் கம்பி தேவைப்படும். எல்எம்35-இன் வெளியீடு 50 பிக்கோஃபாரட் வரைதான் நிம்மதியாகச் சுமக்கும். சாதாரணக் கேபிளில் ஒரு மீட்டருக்கே அதைவிடக் கூடுதலான கொள்ளளவு சேர்ந்துவிடக்கூடும். சுமை கூடினால் வெளியீடு அலைவுறத் தொடங்கும். அறிகுறி இது: கம்பியைக் கையால் தொட்டாலே டிகிரி மாறும், அல்லது நீளக் கம்பி போட்டதிலிருந்து சில டிகிரி நிரந்தரமாகத் தள்ளி நிற்கும். உணரியின் நடுக்காலை ஒட்டியே 2 கிலோஓம் மின்தடை ஒன்றைத் தொடராக வைத்து, அதன்பின் கேபிளைத் தொடங்கினால் போதும். ஏடிமெகாவின் உள்ளீடு 10 கிலோஓம் வரையான மூலத்தை ஏற்கும் என்பதால் அளவீட்டுக்குக் கேடில்லை.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். உணரியின் பிளாஸ்டிக் உறைக்குள் வெப்பம் பெரும்பாலும் உலோகக் கால்கள் வழியாகவே போய்வருகிறது. பலகைக்கு அருகில் சாலிடர் செய்த உணரி, பலகையின் சூட்டைத்தான் சொல்லும். பல்பு நேராகப் பார்க்கும் இடத்தில் வைத்தால் பல்பின் கதிர்ச் சூட்டைச் சொல்லும். முட்டைகளின் மேல்மட்ட உயரத்தில், பல்புக்கு மறைவாக, விசிறிக் காற்று படும் இடத்தில் வைப்பதே சரி.

கடைசியாகச் சரிபார்ப்பு. பனிக்கட்டித் தண்ணீரில் பூஜ்ஜியம் பார்க்கும் பழைய வழி இங்கே உதவாது. ஒற்றை மின்வழங்கலில் இணைத்த எல்எம்35 இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்காது. நமக்கு வேண்டிய 37.7-க்கு ஏற்ற துல்லியக் கருவி பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது, காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். நல்ல கருவி இந்த எல்லைக்குள் பத்தில் ஒரு டிகிரி வரை சரியாகச் சொல்லும். உணரியின் கால்களையும் சாலிடரையும் சுருங்கு குழாய் போட்டு நீர் புகாமல் அடைத்து, ஃபிளாஸ்க்கில் 38 டிகிரி அளவிலான வெந்நீர் ஊற்றி, இரண்டின் முனைகளையும் சேர்த்துக் கட்டி அமிழ்த்துங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டர் எட்டிய உச்சத்தையே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே தண்ணீரைக் கலக்கிச் சில நிமிடம் விட்டபின் அதை அணைத்து மறுபடி போட்டுப் படிக்க வேண்டும். அது 38.1 என்றும் திரை 38.4 என்றும் சொன்னால், நிரலின் கடைசிக் கணக்கில் 0.3-ஐக் கழித்துவிடலாம். நாம் காக்க வேண்டியது ஒரே ஒரு வெப்பநிலை என்பதால் இந்த ஒற்றைப் புள்ளியே போதும். மூன்று டிகிரி வித்தியாசம் வந்தால் மட்டும் கழித்து மறைக்க வேண்டாம். அது AREF எண்ணிலோ கம்பியிலோ உள்ள பிழை, திரும்பிப் போய்த் தேட வேண்டும்.

அளந்த ஒப்பு அழுத்தம், கழித்த எண் இரண்டையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிடுவேன். 1082 என்ற எண் இந்த ஒரு சிப்புக்கு உரியது. நாளைக்குப் பலகை பழுதாகி வேறொன்றை மாட்டினால், அதே நிரலை அப்படியே ஏற்றிவிட்டு முட்டை அடுக்கக் கூடாது. புதுப் பலகையின் AREF முனையில் முதலில் மீட்டரை வைக்க வேண்டும்.